முகம் தெளிவு, முடி மங்கல்

கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டுடியோக்களுக்கு வரும் ஃபோன் அழைப்புகளில் ஒன்று அடிக்கடி இப்படி இருக்கும்: "தம்பி, எல்லாம் நல்லா இருக்கு. பொண்ணு மட்டும் கொஞ்சம் சின்னதாத் தெரியுது. இன்னும் பெருசாப் போட்ருங்களேன்."

போடலாம். மணப்பெண் இருக்கும் லேயரைத் தொட்டு, Ctrl+T அழுத்தி, மூலையைப் பிடித்து இழுத்து, Enter தட்டினால் படம் பெரிதாகிவிடும். ஆனால் அதே புகைப்படம், அதே ஃபோட்டோஷாப், அதே வடிவமைப்பாளர் என்று எல்லாம் ஒன்றாக இருந்தும் பெரிதாக்கிய பிறகு மூன்று விதமான முடிவுகள் வருவதுண்டு. ஒன்றில் பட்டுச்சேலையின் ஜரிகை இழை வரை தெளிவாக இருக்கும். இன்னொன்றில் முகமே மங்கிப்போயிருக்கும். மூன்றாவதுதான் பலரையும் குழப்புவது: முகமும் சேலையும் பளிச்சென்று இருக்கும், ஆனால் தலைமுடியின் ஓரமும் தோளின் விளிம்பும் மட்டும் பஞ்சு ஒட்டியது போலக் கலங்கியிருக்கும்.

மூன்றுக்கும் காரணம் பெரிதாக்கிய நேரத்தில் இல்லை. அதற்கு முன்பு, முதன்முதலில் உருவத்தைச் சிறிதாக்கியபோது அந்த லேயர் எந்த நிலையில் இருந்தது, மாஸ்க் எங்கே இருந்தது என்பதில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் பின்தொடர்ந்து பார்க்கலாம். கல்யாண ஆல்பங்களில் பரவலாகப் புழங்கும் அளவுகளில் ஒன்று 12×36. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்த ஒரு ஷீட் 36 அங்குல அகலம், 12 அங்குல உயரம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால், திரையில் அது 10,800 பிக்சல் அகலமும் 3,600 பிக்சல் உயரமும் கொண்ட கேன்வாஸ். மணப்பெண் நிற்கும் படம் 24 மெகாபிக்சல் கேமராவில் நெட்டுவாக்கில் எடுத்தது. அகலம் 4,000, உயரம் 6,000 பிக்சல். அதில் தலை முதல் பாதம் வரை பெண்ணின் உருவம் 4,800 பிக்சல் என்று கொள்வோம். முதல் வடிவமைப்பில் அவர் ஓர் ஓரத்தில் 4 அங்குல உயரத்தில் நிற்கிறார், அதாவது 1,200 பிக்சல். வீட்டாரின் ஃபோன் வந்த பிறகு 10 அங்குலமாக, அதாவது 3,000 பிக்சலாக, அவரை உயர்த்த வேண்டும்.

உருவம் ஒரு சாதாரணப் பிக்சல் லேயராக இருந்தால் என்ன நடக்கிறது? 4,800 பிக்சலை 1,200 ஆக்கி Enter தட்டிய அந்த நொடியில், நீளத்தில் நான்கும் அகலத்தில் நான்குமாகப் பதினாறு பிக்சல்கள் கலந்து ஒன்றாகின்றன. அந்தப் பதினாறும் இனி அந்த லேயரில் கிடையாது. கண்ணிமையின் ஒரு மயிர், நெற்றிச்சுட்டியின் ஒரு கல், ஜரிகையின் ஓர் இழை எல்லாம் பக்கத்து நிறங்களோடு சராசரியாகிவிட்டன. பிறகு 3,000க்கு உயர்த்தும்போது மென்பொருளின் கையில் இருப்பது 1,200 பிக்சல் மட்டுமே. இருப்பதை இரண்டரை மடங்கு இழுத்து, இடைவெளிகளை அக்கம்பக்கத்து நிறங்களைக் கொண்டு அது கணித்து நிரப்புகிறது. படம் மங்குவது அதனால்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. Enter தட்டும் வரை எத்தனை முறை இழுத்தாலும் பாதகமில்லை. ஒரே Ctrl+T-க்குள் சிறிதாக்கிப் பெரிதாக்கித் திருப்பினாலும் கடைசி நிலைக்கு ஒரே ஒரு கணக்குதான் நடக்கும். Enter தட்டி, பிறகு மறுபடி Ctrl+T, மறுபடி Enter என்று போனால்தான் ஒவ்வொரு முறையும் பிக்சல்கள் புதிதாகக் கலக்கப்படும். உருவத்தை மூன்று டிகிரி சாய்த்து, பிடிக்காமல் இரண்டு டிகிரி நிமிர்த்தி, இன்னும் ஒன்று என்று தட்டிக்கொண்டே இருந்தால், அளவு மாறாமலே படம் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கிக்கொண்டு வரும்.

இதற்கான மாற்றைத்தான் அடோபி நிறுவனம் 2005இல் ஃபோட்டோஷாப் சிஎஸ்2 பதிப்பில் கொண்டுவந்தது. அதன் பெயர் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட். லேயர் என்ற வசதி அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1994இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே உண்டு. ஆனால் சாதாரணப் பட லேயரில் கிடப்பது பிக்சல்தான். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்பது லேயர் வரிசையில் ஓர் இடத்தைப் பிடித்திருக்கும் தனிக் கோப்பு. மூலப் படம் முழு அளவில் அதற்குள் பத்திரமாக இருக்கும். வெளியே கேன்வாஸில் தெரிவது, "இந்தப் படத்தை இத்தனை சதவீதத்தில், இத்தனை டிகிரி சாய்வில் காட்டு" என்ற குறிப்பின்படி அவ்வப்போது வரைந்து காட்டப்படும் நகல். 25 சதவீதத்திலிருந்து 62.5க்கு மாற்றினால், 1,200 பிக்சலை இழுக்காமல், உள்ளே இருக்கும் 4,800 பிக்சலுக்கே திரும்பிப் போய் 3,000 பிக்சல் நகலைப் புதிதாக எடுக்கும். எத்தனை முறை மாற்றினாலும் மூலத்துக்கும் திரைக்கும் நடுவே ஒரே ஒரு கணக்குதான்.

எந்த லேயர் எது என்று கண்டுபிடிப்பது எளிது. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்றால் லேயரின் சிறுபடத்தின் கீழ்மூலையில் ஒரு சின்னம் இருக்கும். அதைவிட உபயோகமான அடையாளம் Ctrl+T அழுத்தும்போது மேலே தெரியும் பட்டையில் இருக்கிறது. ஏற்கெனவே கால் பங்காகச் சிறுத்த ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்றால் அங்கே அகலமும் உயரமும் 25% என்றே காட்டும். தன் மூலம் எவ்வளவு பெரிது என்று அதற்கு நினைவிருக்கிறது. சாதாரண லேயரோ எவ்வளவு சிறுத்திருந்தாலும் 100% என்றுதான் காட்டும். அதற்கு முந்தைய அளவு என்று ஒன்று இல்லை. ஸ்மார்ட் ஆப்ஜெக்டின் ppi எண்ணும் கேன்வாஸின் ppi எண்ணும் ஒன்றாக இருந்தால் இந்தச் சதவீதத்தை அப்படியே நம்பலாம்.

இதுவரை சொன்னது பெரும்பாலான வடிவமைப்பாளர்களுக்குத் தெரிந்ததே. அதனால்தான் பலரும் படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மூன்றாவது முடிவு, முகம் தெளிந்து முடி கலங்கும் அந்த முடிவு, இவர்களுக்குத்தான் வருகிறது.

பின்னணியை நீக்கி உருவத்தை மட்டும் எடுக்க இன்று யாரும் ரப்பரால் அழிப்பதில்லை. அழித்தால் அழித்ததுதான், மாஸ்க் போட்டால் பின்னணி மறைந்திருக்குமே தவிர அழியாது. மாஸ்க் என்பது லேயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை இருக்கும் இடத்தில் உருவம் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும், இடைப்பட்ட சாம்பல் நிறங்களில் பாதி தெரிந்து பாதி மறையும். தோளின் விளிம்பு இரண்டு மூன்று பிக்சலுக்குள் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறும். காதோரம் பறக்கும் ஒற்றை முடி, கறுப்புக்கு நடுவே இரண்டு பிக்சல் அகலத்தில் ஒரு வெளிறிய கோடாக இருக்கும். வெட்டியெடுத்த உருவம் ஒட்டவைத்தது போலத் தெரியாமல் புதிய பின்னணியில் இயல்பாக உட்கார்வது இந்தச் சாம்பல் பிக்சல்களின் வேலை.

இப்போது முக்கியமான செய்தி: ஸ்மார்ட் ஆப்ஜெக்டின் மேல் போடும் மாஸ்க், ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்குள் இல்லை. அது வெளியே, கேன்வாஸின் பிக்சல்களால் ஆனது. லேயருக்கும் மாஸ்க்குக்கும் நடுவே சங்கிலிச் சின்னம் இருந்தால், உருவத்தைச் சிறிதாக்கும்போது மாஸ்க்கும் கூடவே சிறுக்கும். ஆனால் உருவம் மூலத்திலிருந்து புதிதாக எடுக்கப்படுகிறது; மாஸ்க்குக்கு அப்படிப் போய் எடுத்துவர மூலம் ஏதும் கிடையாது. சாதாரணப் பிக்சல் லேயருக்கு நேர்ந்த அதே கதிதான் அதற்கும்.

நம் மணப்பெண்ணின் காதோர முடியையே பார்க்கலாம். முழு அளவில் மாஸ்க்கில் அது இரண்டு பிக்சல் வெள்ளைக் கோடு. 25 சதவீதத்துக்குச் சிறுத்தபோது அது அரைப் பிக்சலாக வேண்டும். அரைப் பிக்சல் என்று ஒன்று இல்லாததால், ஒரு முழுப் பிக்சல் பாதிச் சாம்பலாகிறது. இப்போது இரண்டரை மடங்கு பெரிதாக்கினால், இரண்டரை மூன்று பிக்சல் அகலத்தில் மங்கிய சாம்பல் பட்டை ஒன்று வரும். ஆனால் அதன் கீழே இருக்கும் படம் மூலத்திலிருந்து வந்ததால், அதில் முடி 1.25 பிக்சல் அகலக் கூர்மையான கோடாக இருக்கிறது. முடியைவிட மாஸ்க் அகலமாகிவிட்டது. அந்தக் கூடுதல் அகலத்தின் வழியாகப் பழைய பின்னணியின் நிறம், மண்டபத்துச் சுவரோ ஒளிவிளக்கோ, பாதி வெளிச்சத்தில் எட்டிப்பார்க்கிறது. தலையைச் சுற்றிப் புகைபோலப் படியும் அந்த வளையத்தின் காரணம் இதுதான்.

இந்தக் கோளாறு இன்னொரு வழியிலும் நுழையும். Place Embedded கட்டளையால் படத்தை ஆல்பம் ஷீட்டுக்குள் நேரே கொண்டுவந்தால், ஃபோட்டோஷாப் வழக்கமான அமைப்பில் அதைத் தானாகவே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக ஆக்கிவிடும். கேன்வாஸைவிடப் பெரிதாக இருந்தால் கேன்வாஸுக்குள் அடங்கும்படி சுருக்கியும் விடும். நம் 6,000 பிக்சல் உயரப் படம் 3,600 உயரக் கேன்வாஸுக்குள் வரும்போது 60 சதவீதமாகியிருக்கும். அந்த நிலையில் உருவத்தைத் தேர்ந்து மாஸ்க் போட்டால், மாஸ்க் பிறக்கும்போதே 60 சதவீத நுணுக்கத்தோடுதான் பிறக்கிறது.

தீர்வு வரிசையில் இருக்கிறது. முதலில் மாஸ்க், பிறகு ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், அதன்பின் அளவு மாற்றம்.

செய்முறை இப்படி. புகைப்படத்தை ஆல்பத்துக்குள் கொண்டுவராமல் தனிச் சாளரத்தில் திறக்க வேண்டும. Image Size பெட்டியில் Resample என்ற கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டு, ppi எண்ணை ஆல்பத்தோடு ஒத்துப்போக 300 ஆக்க வேண்டும். டிக் இல்லாததால் ஒரு பிக்சல்கூட மாறாது. அங்கேயே, முழு அளவில், Select and Mask கொண்டோ பேனாக் கருவி கொண்டோ உருவத்தைத் தேர்ந்து மாஸ்க்கைச் செம்மையாக முடிக்க வேண்டும். முடியோரத்தில் பழைய பின்னணியின் நிறம் ஒட்டியிருந்தால் அதையும் அங்கேயே சரிசெய்வது நல்லது. பிறகு அந்த லேயரின் மேல் வலது சொடுக்கு செய்து Convert to Smart Object கொடுத்தால், படமும் மாஸ்க்கும் சேர்ந்து உள்ளே போய்விடும். வெளியே மாஸ்க்கே தெரியாது. உருவம் மட்டும் இருக்கும். இதை நகர்த்தும் கருவியால் ஆல்பம் ஷீட்டுக்கு இழுத்துவந்து 25 சதவீதமாக்கலாம், 62.5 ஆக்கலாம், சாய்க்கலாம். முடியோரம் ஒவ்வொரு முறையும் முழு அளவு மாஸ்க்கிலிருந்து புதிதாகக் கணக்கிடப்படும்.

மாஸ்க்கைத் திருத்த வேண்டுமென்றால் லேயரின் சிறுபடத்தை இரட்டைச் சொடுக்கு செய்ய வேண்டும். உள்ளே இருக்கும் கோப்பு தனிச் சாளரத்தில் திறக்கும். மாஸ்க் பழையபடி அங்கே இருக்கும். திருத்திவிட்டு Ctrl+S கொடுத்தால் ஆல்பம் ஷீட்டில் மாற்றம் வந்துவிடும். Save As கொடுத்து வேறு பெயரில் சேமித்தால், திருத்தம் அந்தப் புதுக் கோப்புக்குப் போய்விடும், ஆல்பத்துக்கு வராது. அவசரத்தில் பலரும் தடுமாறும் இடம் இது.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே திறந்து பார்க்கும்போது ஆல்பத்தின் பின்னணி அங்கே தெரியாது, சதுரங்கக் கட்டம்தான் தெரியும். கருஞ்சிவப்புப் பின்னணியில் முடி எப்படித் தெரியும் என்று கட்டத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அதற்கு உள்ளேயே உருவத்தின் கீழ் ஒரு லேயர் சேர்த்து, ஆல்பத்தின் நிறத்தை அதில் நிரப்பி வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். சேமிக்கும் முன் அந்த லேயரின் கண் சின்னத்தை அணைக்க மறக்கக் கூடாது. மறந்தால் ஆல்பத்தில் மணப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புச் செவ்வகம் நிற்கும்.

அப்படியானால் வெளியே மாஸ்க்கே போடக் கூடாதா? போடலாம், போட வேண்டிய இடமும் உண்டு. உருவத்தை அதன் பழைய பின்னணியிலிருந்து பிரிப்பது ஒரு வேலை, அதைப் புதிய காட்சியில் பொருத்துவது இன்னொரு வேலை. பெண்ணின் பாதம் கீழே பூக்களுக்குள் கரைய வேண்டும், சேலையின் ஓரம் ஒரு தூணுக்குப் பின்னால் மறைய வேண்டும் என்பதெல்லாம் இரண்டாம் வகை. இவை இந்த ஷீட்டுக்கு மட்டுமே உரியவை. அளவு மாறினால் எப்படியும் திரும்பச் செய்ய வேண்டியவை. மெல்லக் கரையும் விளிம்பு இன்னும் கொஞ்சம் மங்கினாலும் யார் கண்ணிலும் படாது. வெட்டும் மாஸ்க் உள்ளே, பொருத்தும் மாஸ்க் வெளியே என்று பிரித்துக்கொண்டால் பெரும்பாலான தொல்லைகள் தீரும்.

வெளி மாஸ்க்கின் சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் அறிமுகமான தொடக்கத்தில் அதனோடு மாஸ்க்கைச் சங்கிலியிட்டு இணைக்கும் வசதியே இல்லை; 2008இல் வந்த சிஎஸ்4இல்தான் அது கிடைத்தது. அதற்கு முன் உருவத்தை நகர்த்தினால் மாஸ்க் நின்ற இடத்திலேயே நிற்கும். இன்றும் சங்கிலியைச் சொடுக்கிப் பிரித்தால் அப்படித்தான். தூணின் ஓரத்துக்குப் பொருந்தும் மாஸ்க் அசையாமல் நிற்க, உருவத்தை மட்டும் நகர்த்திப் பார்க்க அது தோதானது. வெட்டும் மாஸ்க்கே வெளியே இருக்கும்போது தெரியாமல் சங்கிலியைப் பிரித்துவிட்டால், உருவம் நகர்ந்து பாதி முகம் மறைந்து மண்டபச் சுவர் வெளிவரும்.

வெள்ளிக் குத்துவிளக்கு, கார், நகைப்பெட்டி போன்ற கெட்டியான விளிம்புள்ள பொருள்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். அவற்றைப் பேனாக் கருவியால் சுற்றி வரைந்து வெக்டர் மாஸ்க் ஆக்கலாம். வெக்டர் மாஸ்க்கில் பிக்சல் இல்லை, புள்ளிகளும் வளைகோடுகளும்தான் இருக்கின்றன. வெளியே வைத்து எத்தனை முறை அளவு மாற்றினாலும் விளிம்பு கூர்மை குறையாது. தலைமுடிக்கு மட்டும் அது உதவாது.

ஸ்மார்ட் ஆப்ஜெக்டுகளை நம்பி வேலை செய்பவர்களே விழும் ஆழமான குழி இன்னொன்று இருக்கிறது. மணப்பெண், மணமகன், மேலே ஒரு பூமாலை என மூன்றும் தனித்தனி ஸ்மார்ட் ஆப்ஜெக்டுகள், எல்லாம் 25 சதவீதத்தில் நிற்கின்றன. ஒன்றாக நகர்த்த வசதியாக மூன்றையும் தேர்ந்து மறுபடி Convert to Smart Object கொடுக்கிறார் வடிவமைப்பாளர். இப்போது ஒரு பெரிய கோப்புக்குள் மூன்று கோப்புகள். ஆனால் அந்தப் பெரிய கோப்பின் கேன்வாஸ், அவை அந்த நேரத்தில் நின்ற அளவில்தான், அதாவது சுமார் 1,200 பிக்சல் உயரத்தில்தான், உருவாகிறது. வெளியிலிருந்து அதை இரண்டரை மடங்காக்கினால், மென்பொருள் எடுப்பது அந்த 1,200 பிக்சல் கேன்வாஸைத்தான். உள்ளே 4,800 பிக்சல் மூலம் இருந்தும் அது வெளியே வந்து சேராது. Ctrl+T பட்டை 250% என்று காட்டும்போது இதைக் கண்டுகொள்ளலாம். மீட்கவும் வழி இருக்கிறது: வெளிக் கோப்பை இரட்டைச் சொடுக்கால் திறந்து, Image Size பெட்டியில் Resample டிக்கோடு 250 சதவீதம் ஆக்கினால், உள்ளிருக்கும் மூன்றும் தத்தம் மூலத்திலிருந்து தெளிவாக விரியும். சேமித்துத் திரும்பினால் உருவம் ஷீட்டில் மிகப் பெரிதாக நிற்கும். வெளியே அதைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். ஒன்றாக நகர்த்துவது மட்டும்தான் நோக்கம் என்றால், Ctrl+G கொடுத்து ஒரு குழுவாக்குவதே போதும். குழுவுக்குக் கேன்வாஸ் கிடையாது, இழப்பும் இல்லை.

நகலெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டை Ctrl+J அழுத்தி நகலெடுத்தால் இரண்டும் ஒரே மூலத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றைத் திறந்து முகத்தை வெளுத்தால் இன்னொன்றிலும் வெளுக்கும். ஷீட் முழுக்கச் சிதறிய ஒரே பூவின் பன்னிரண்டு நகல்களுக்கு இது வரம். ஒரு பெண்ணின் உருவத்தைப் பெரிதாக ஒன்றும் நிழல்போல இன்னொன்றும் வைத்து, நிழலை மட்டும் உள்ளே திறந்து மாற்ற நினைப்பவருக்கு இது அதிர்ச்சி. தனித்தனி மூலம் வேண்டுமென்றால் New Smart Object via Copy என்ற கட்டளை இருக்கிறது.

ஸ்மார்ட் ஆப்ஜெக்டால் இல்லாத பிக்சலை வரவழைக்க முடியாது. அது காப்பது, உள்ளே நுழைந்தபோது இருந்ததை மட்டும்தான். சாதாரண லேயராக 1,200க்குச் சிறுத்த உருவத்தைப் பிறகு ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றினால், சிறுத்த உருவமே மூலமாகிவிடும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பிய படமும் அப்படித்தான்: அனுப்பும் வழியிலேயே சுருங்கிவிட்ட படத்துக்கு, பெரிதாக்க இடம் இருக்காது. ஆல்பத்துக்கான படங்களை டாக்குமெண்டாக அனுப்பும்படி ஸ்டுடியோக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஸ்மார்ட் ஆப்ஜெக்டின் மேல் பிரஷ், ரப்பர், குளோன் ஸ்டாம்ப் எதுவும் நேரடியாக ஓடாது. ஓட்டிப் பார்த்தால், இதை ராஸ்டரைஸ் செய்தாக வேண்டும், செய்யவா என்று கேட்கும் பெட்டி வரும். வேலை அவசரத்தில் OK தட்டும் கை, அதுவரை காத்த மூலத்தை அந்த ஒரு தட்டலில் இழக்கிறது. உள்ளே இருந்த 4,800 பிக்சல் போய், கேன்வாஸில் அப்போது தெரியும் 1,200 மட்டும் மிஞ்சும். உடனே கவனித்தால் Ctrl+Z மீட்கும். கோப்பைச் சேமித்து மூடியபின் மீட்க எதுவும் இல்லை. முகத்தில் ஒரு பருவை நீக்க வேண்டுமானால் சரியான இடம் உட்கோப்புதான். அங்கே ஒரு வெற்று லேயர் சேர்த்து, குளோன் கருவியின் Sample அமைப்பை Current & Below என்று வைத்துத் திருத்தினால், திருத்தமும் உருவத்தோடு சேர்ந்தே பெரிதாகும், சிறிதாகும்.

ராஸ்டரைஸ் செய்வதைத் தவறென்றே ஒதுக்கவும் வேண்டாம். 24 மெகாபிக்சல் படம் ஒன்று சுருக்கப்படாத நிலையில் சுமார் 72 மெகாபைட். அப்படி எட்டுப் பத்துப் படங்கள் ஒரே ஷீட்டில் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக உட்கார்ந்தால், நினைவகம் குறைந்த கணினி ஒவ்வொரு அசைவுக்கும் திணறும், கோப்பும் கனத்துப்போகும். சாதாரண PSD கோப்புக்கு 2 ஜிகாபைட் எல்லை இருக்கிறது, அதற்கு மேல் PSB வடிவில்தான் சேமிக்க முடியும். அளவு இனி மாறாது என்று உறுதியான தூசு, ஒளிப்பொறி, பின்னணி அலங்காரம் போன்றவற்றை ராஸ்டரைஸ் செய்து பாரத்தைக் குறைப்பது நடைமுறை அறிவு. அச்சகத்துக்குப் போவது எப்படியும் எல்லா லேயர்களும் ஒன்றாகிய JPEG தான். மனிதர் உருவங்களை மட்டும், வீட்டார் சரி சொல்லும் வரை, தொடாமல் விட்டுவைக்கலாம்.

வேறொருவர் செய்த கோப்பு கைக்கு வந்து, "பெரிதாக்குங்கள்" என்ற கட்டளையும் கூடவே வந்தால், இழுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. சிறுபடத்தில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் சின்னம் இருக்கிறதா, Ctrl+T என்ன சதவீதம் காட்டுகிறது, பக்கத்தில் மாஸ்க் தனியாகத் தொங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மாஸ்க் வெளியே இருந்தால் Alt விசையைப் பிடித்துக்கொண்டு அதன் சிறுபடத்தைச் சொடுக்கினால், திரை முழுவதும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் தெரியும். Ctrl+1 கொடுத்து 100 சதவீதத்தில் தோள் விளிம்பைப் பார்த்தால், வெள்ளையிலிருந்து கறுப்புக்கு எத்தனை பிக்சலில் மாறுகிறது என்று எண்ணிவிடலாம். இரண்டு மூன்று என்றால் நல்ல மாஸ்க். ஆறு ஏழு என்று பரந்து, முடியிழைகள் சாம்பல் திட்டாக இருந்தால், அது ஒருமுறையாவது சிறுத்துப் பெருத்த மாஸ்க்.

அப்படிப்பட்ட மாஸ்க்கை வெளியிலிருந்து கூர்மையாக்க முயல்வதில் நேரம்தான் போகும். தோள், கை, சேலை ஓரம் போன்ற கெட்டியான விளிம்புகள் ஓரளவு சரியாகும், முடி சரியாகாது. உள்ளே இருக்கும் படம் முழு அளவில் பிழைத்திருக்கிறது என்பதுதான் நல்ல செய்தி. உட்கோப்பு JPEG ஆக இல்லாவிட்டால், அதை இரட்டைச் சொடுக்கால் திறந்து, முழு அளவில் புதிதாக ஒரு மாஸ்க் போட்டு, Ctrl+S கொடுத்து, வெளியே தொங்கும் பழைய மாஸ்க்கை நீக்கிவிட்டால், உருவம் அதே இடத்தில், அதே அளவில், புது விளிம்போடு நிற்கும்.